பன்னிரண்டாவது கிளிக்

குன்னூரில் என் மாமா வீட்டுக்குப் போகிற சந்து படிக்கட்டாக இருந்திருக்க வேண்டியது. யாரோ தார் போட்டுச் சாலையாக்கிவிட்டார்கள். போன கார்த்திகையில் அங்கே காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினேன். தூக்கினேன், இன்னும் தூக்கினேன். கைப்பிடி என் முழங்கை உயரத்துக்கு வந்து நின்றது. பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்ததும் கார் ஒரு சாண் நகர்ந்து, முனகிவிட்டு நின்றது. மாமா ஒன்றும் பேசாமல் செடித் தொட்டி ஓரம் கிடந்த கல்லை எடுத்து வந்து முன் டயருக்கு அண்டக் கொடுத்தார்.

"மலை ஏறுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துட்டு வர மாட்டியாடா?" என்றார் பிறகு.

பார்க்காமல் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புதான் இதே குறைக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். "கேபிள் இழுத்துடுச்சு சார், டைட் பண்ணிட்டோம்" என்று பத்து நிமிடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். லீவரைத் தூக்கும்போது கேட்கிற 'டக் டக்' ஒலியை அன்று எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு கிளிக் போய்க்கொண்டிருந்தது ஆறில் பிடித்தது. மகிழ்ச்சியாக வந்துவிட்டேன். ஆறு எட்டானது, எட்டு பத்தானது. குன்னூர் சந்தில் மறுபடியும் பன்னிரண்டு.

மலையை விட்டு இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சிறிய பட்டறை, இரண்டு பையன்கள், ஒரு ஜாக்கி. கேபிளை மாற்றிவிடச் சொன்னேன். அவர் கேபிள் பக்கமே போகவில்லை. டிரைவர் இருக்கையில் என்னை உட்காரவைத்து, பிரேக் மிதியை ஒருமுறை அழுத்தச் சொன்னார். மிதி பாதிக்கும் கீழே போய்ப் பிடித்தது. விட்டுவிட்டு உடனே இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அழுத்தச் சொன்னார். இப்போது மேலேயே பிடித்தது. அடுத்து, ஹேண்ட்பிரேக்கை நான்கைந்து கிளிக் தூக்கி வைத்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். முதல் மிதியிலேயே உயரத்தில் நின்றது.

"கேபிளு இல்லீங்க சார். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல எடம் ஜாஸ்தியாயிருச்சு. கழட்டிப் பாத்துரலாமுங்க."

இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். கால் மிதி எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுகிறது, ஹேண்ட்பிரேக் கம்பியால் இழுத்துத் தள்ளுகிறது. வழி இரண்டு, ஆனால் பின்சக்கரத்தில் இரண்டும் தள்ளுவது அதே ஷூவைத்தான். ஆகவே ஷூ டிரம்மிலிருந்து விலகிப் போயிருந்தால் இரண்டிலுமே தூரம் கூடும். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் தூக்கி ஷூவை டிரம்முக்கு அருகில் கொண்டுபோனதும் மிதி உயர்ந்துவிட்டதென்றால் குறை டிரம்முக்குள் இருக்கிறது. மிதி எப்போதும்போல உயரத்தில் நன்றாகப் பிடித்து, லீவர் மட்டும் நீளமாகப் போனால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கேபிள் நட்டு கைப்பிடிக்குப் பக்கத்திலேயே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கிறது. டிரம்மைப் பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். எது சுலபமோ அதுவே குறை என்று தீர்ப்பாகிவிடுகிறது.

டிரம் என்பது கவிழ்த்து வைத்த வாணலி மாதிரி ஓர் இரும்புக் கிண்ணம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதற்குள்ளே சுற்றாமல் நிற்கிற தகட்டில் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிராக இருக்கும். கீழ் முனைகள் ஒரு தாங்கலில் ஊன்றியிருக்க, மேல் முனைகள் விரிந்து டிரம்மின் உட்சுவரில் போய் உரசும். ஹேண்ட்பிரேக் கம்பி வந்து சேர்வது பின்பக்கத்து ஷூவோடு பொருத்தியிருக்கிற ஒரு சின்ன நெம்புகோலில். கம்பி இழுத்தால் அந்த நெம்புகோல், இரண்டு ஷூக்களுக்கும் நடுவே இருக்கிற குறுக்குத் தண்டைத் தள்ளி ஒரு ஷூவை விரிக்கும். அந்த ஷூ டிரம்மில் முட்டியதும், எதிர்விசையில் மற்ற ஷூவும் விரியும்.

கை லீவரும் ஒரு நெம்புகோல், டிரம்முக்குள் இருப்பதும் ஒரு நெம்புகோல். நம் கை பலத்தைப் பெருக்கித் தருவதற்காக இரண்டு கட்டமாக வைத்திருக்கிறார்கள். பலம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ, தூரமும் அத்தனை மடங்கு பெருகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷூவின் நடுப்பகுதியில் இடைவெளி அரை மி.மீ. கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனை ஊன்றியிருப்பதால் மேல் முனை ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது 1 மி.மீ. நகர வேண்டும். இரண்டு ஷூவுக்கும் சேர்த்து 2 மி.மீ. உள்ளே இருக்கும் நெம்புகோல் நாலுக்கு ஒன்று என்றால் கம்பி 8 மி.மீ. கூடுதலாக வர வேண்டும். கை லீவர் ஆறுக்கு ஒன்று என்றால் நம் கையில் 48 மி.மீ. டிரம்முக்குள் ஒரு விரல் நக கனத்துக்குத் தேய்ந்தது, கைப்பிடியில் ஏறக்குறைய 5 செ.மீ. ஆகிவிட்டது. இந்த விகிதங்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் இரும்புக் கம்பி 8 மி.மீ. நீண்டுவிட்டது என்று நம்புவதைவிட, லைனிங் அரை மி.மீ. தேய்ந்தது என்று நம்புவது எளிது.

ஷூ தேய்வது இயற்கை. அதற்காக ஒவ்வொரு முறையும் லீவர் நீண்டுகொண்டே போக வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தக் குறுக்குத் தண்டிலேயே அதற்கு ஏற்பாடு இருக்கிறது. தண்டின் நடுவில் திருகு மறையும், அதன்மேல் ஒரு சிறு பல்சக்கரமும் இருக்கும். கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூக்கள் வழக்கத்தைவிட அதிகம் விரிந்தால், ஸ்பிரிங் மாட்டிய ஒரு சின்னக் கொக்கி பல்சக்கரத்தை ஒரு பல் நகர்த்திவிடும். தண்டு இம்மியளவு நீளும், ஷூ டிரம்மை நெருங்கி உட்காரும். ஆட்டோ அட்ஜஸ்டர் என்று சொல்வது இதைத்தான். சில வண்டிகளில் கால் பிரேக்குக்குப் பதிலாக ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது இது வேலை செய்யும். எப்படியானாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடக்கிற காரியம்.

என் வண்டியில் அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது இரண்டு சக்கரத்திலும் வேறு வேறு காரணம்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டை வைத்து, வண்டியை முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைக் கீழே இறக்கிவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்கினார். இறக்காவிட்டால் டிரம் கழன்று வராது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டும் கொடுத்தார். இடப்பக்க டிரம் துருவில் பிடித்துக்கொண்டிருந்தது. சுத்தியலை எடுப்பார் என்று பார்த்தேன். டிரம்மின் முகத்தில் இருக்கும் இரண்டு மறை ஓட்டைகளில் இரண்டு போல்ட்டை விட்டு, இதில் ஒரு சுற்று அதில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினார். டிரம் தானாகவே வெளியே வந்தது. உள்ளே இருந்த கரித்தூளை ஊதக் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், எதில் இருந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. அவர் பிரேக் கிளீனரை அடித்து நனைத்துத் துடைத்தார்.

லைனிங் 3 மி.மீ. பாக்கி இருந்தது. பொதுவாக 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், எனக்கு இன்னும் ஓடும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தார், எண்ணெய்க் கசிவு இல்லை. கசிந்திருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் பற்றிப் பேசியே பிரயோசனம் இல்லை, எண்ணெயில் நனைந்த ஷூ எவ்வளவு நெருங்கினாலும் வழுக்கும். பிறகு பல்சக்கரத்தை விரலால் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. மறை முழுக்கத் துரு. அதுதான் இடப்பக்கத்துக் கதை.

வலப்பக்கத்தில் பல்சக்கரம் சுத்தமாக இருந்தது, ஆனாலும் திரும்பவில்லை. இங்கேதான் அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். லீவர் கீழே இறங்கியிருக்கும்போது டிரம்முக்குள் இருக்கும் சின்ன நெம்புகோல், ஷூவின் விளிம்பில் உள்ள முளையில் முழுவதுமாகச் சாய்ந்து ஓய்வெடுக்க வேண்டும். என் வண்டியில் அது முளையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கியபடியே நின்றது. நான்கு மாதத்துக்கு முன் இறுக்கிய நட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு குறுக்குத் தண்டை எந்நேரமும் நெருக்கிக்கொண்டிருந்ததால் அதன் பல்சக்கரம் திரும்ப வழியில்லை. அட்ஜஸ்டரின் கையைக் கட்டிப் போட்டாகிவிட்டது. அதன் பிறகு ஷூ தேய்ந்த ஒவ்வொரு இம்மியும் நேராகக் கைப்பிடிக்கு வந்து சேர்ந்தது. ஆறு கிளிக் பன்னிரண்டானது இப்படித்தான்.

அவர் பையனைக் கூப்பிட்டு, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டை முழுவதும் தளர்த்தச் சொன்னார். சின்ன நெம்புகோல் 'டிக்' என்று முளையில் போய் உட்கார்ந்தது. வலப்பக்கப் பல்சக்கரம் விரலுக்கே திரும்பியது.

இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் கேபிளைத் தளர்த்துவது, அடுத்து டிரம்முக்குள் சரிசெய்வது, கடைசியில் கேபிளை வைப்பது. இடப்பக்கத் தண்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து, மறையில் பிரேக் கிரீஸ் தடவி மாட்டினார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் பிரித்தார். இடத்துத் தண்டின் மறையும் வலத்துத் தண்டின் மறையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு மாற்றி மாட்டிவிட்டால், மிதிக்க மிதிக்க தண்டு நீளுவதற்குப் பதிலாகக் குறுகும். அவசரமாக ஷூ மாற்றிய வண்டிகளில் இந்தத் தவறு நடப்பதுண்டு.

எவ்வளவு திருக வேண்டும் என்பதற்குக் கைதான் அளவு. டிரம்மைத் தள்ளி மாட்டும்போது ஷூவை லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தட்டித் தள்ள வேண்டியிருந்தால் அதிகம், சிரமமில்லாமல் விழுந்தால் குறைவு. இரண்டு பக்கமும் மாட்டியதும் என்னை மீண்டும் இருக்கையில் ஏற்றி, கால் பிரேக்கை இருபது முறை முழுவதுமாக மிதித்து விடச் சொன்னார். ஷூக்கள் டிரம்முக்குள் நடுவாக வந்து உட்காரவும், மிச்சம் இருக்கிற இடைவெளியை அட்ஜஸ்டர் தானே எடுத்துக்கொள்ளவும் இது. முதல் சில மிதிகளில் பின்பக்கம் 'டிக்' ஒலி கேட்டது. பிறகு நின்றுவிட்டது. மிதி இப்போது மேலேயே கெட்டியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கேபிள். லீவரை நாலைந்து முறை பலமாக இழுத்து விட்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஏழாவது கிளிக்கில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும்படி வைத்தார். எத்தனை கிளிக் என்பது ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் இருக்கும். சிறிய கார்களில் ஐந்து முதல் எட்டு, ஒன்பது வரை பார்க்கலாம். எண்ணும்போது ஏறக்குறைய 20 கிலோ பலத்தில் இழுக்க வேண்டும், அதாவது ஒரு குடம் தண்ணீரைத் தூக்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல். மல்லுக்கட்டி இழுத்தால் யாருக்கும் இரண்டு கிளிக் அதிகமாக வரும். அடுத்து லீவரை முழுக்க இறக்கி, இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றினார். தடையில்லாமல் சுற்றின. இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை. இரண்டு மூன்று கிளிக்கிலேயே பிடித்தால் 'நல்லா டைட்டா இருக்கு' என்று வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார், ஷூ உள்ளே உரசிக்கொண்டே ஓடும். மைலேஜ் குறைந்து, டிரம் கொதித்து, நாலு மாதத்தில் என்னைப்போல் எங்காவது சரிவில் நிற்பார்.

எனக்கு இருந்த ஒரு சந்தேகத்தையும் கேட்டேன். மலை இறங்கி வந்ததும் லீவர் இன்னும் ஒரு கிளிக் கூடுதலாகப் போனதுபோல இருந்தது, பிரமையா? பிரமை இல்லை. பிரேக் போட்டுப் போட்டு இறங்கும்போது டிரம் சூடாகி விரிகிறது, ஷூவுக்கும் அதற்கும் இடையே தூரம் கூடுகிறது. ஆறினால் பழையபடி சுருங்கிவிடும். கல்லாறு இறங்கிய கையோடு இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதும் அதனால்தான். சூட்டில் சரியாக வைத்தது, ஆறியதும் இறுக்கிப் பிடித்துவிடும். எனக்கும் வண்டியை இரண்டு மணி நேரம் நிழலில் போட்டுவிட்டுத்தான் கழற்ற ஆரம்பித்தார். அந்த நேரத்தில் நான் அவசரப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐ.நா.வின் 13-எச் என்ற வாகன விதி, முழுப் பாரத்தோடு நிற்கும் காரை 20 சதவீதச் சரிவில், ஏறுமுகமானாலும் இறங்குமுகமானாலும், பார்க்கிங் பிரேக் மட்டுமே நிறுத்த வேண்டும் என்கிறது. கையால் இழுப்பதென்றால் ஏறக்குறைய 40 கிலோ பலத்துக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவு அது. 1,000 கிலோ வண்டியை அந்தச் சரிவு கிட்டத்தட்ட 200 கிலோ பலத்தோடு கீழே இழுக்கும். மாமா வீட்டுச் சந்து அதற்குக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதிலும் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் பாரம் முன் சக்கரங்களுக்குப் போய்விடும், ஹேண்ட்பிரேக் இருக்கிற பின்சக்கரங்கள் சாலையை அழுத்துவது குறையும். அப்படி நிறுத்துகிறவர்கள் ரிவர்ஸ் கியரில் போட்டுவைப்பது நல்லது. மாமாவின் கல்லும் நல்லதுதான்.

அப்படியானால் கேபிள் இழுத்துக்கொள்வது என்பதே கட்டுக்கதையா என்று கேட்டதற்கு, பட்டறை ஓரத்தில் நின்ற இன்னொரு காரைக் காட்டினார் மெக்கானிக். அதே மாதிரிக் குறை, ஆனால் மிதி கெட்டியாக இருந்தது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது ஷூவும் அட்ஜஸ்டரும் ஒழுங்கு. கேபிளைத் தளர்த்தி, எல்லாம் சரியாக வைத்து, மறுபடி நட்டை இறுக்கினால் மறை முழுவதும் தீர்ந்துபோனது, பத்தாவது கிளிக்குக்குக் கீழே வரவில்லை. டிரம் சரியாக இருந்தும் நட்டுக்கு மறை மிச்சமில்லை என்றால் அது கேபிளின் குறைதான். என் வண்டியில் வேலை முடிந்தபோது மறை பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது வேறு அடையாளமும் தெரிந்தது. கை லீவரிலிருந்து வரும் இழுப்பை இடம், வலம் என்று இரண்டு கேபிளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஒரு குறுக்குத் துண்டு உண்டு. அது நேராக நிற்க வேண்டும். அந்த வண்டியில் தராசுத் தட்டு சரிந்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கத்துக் கேபிளின் வெளியுறை ஓரிடத்தில் கிழிந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, முறுக்கிய கம்பியில் ஏழெட்டு இழை அறுந்து விளக்குமாறு மாதிரி நின்றது. முழுக் கம்பியும் ரப்பர்போல நீள்வதில்லை. இழைகள் ஒவ்வொன்றாக அறுவதும், உறையின் முனை நசுங்கி உள்வாங்குவதும் சேர்ந்துதான் 'இழுத்துடுச்சு' என்கிற நிலை வருகிறது. அறுந்த இழையை இறுக்கி ஓட்டுவது நாளை கையோடு வந்துவிடும். துருப்பிடித்த கேபிள் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். லீவர் இறங்கும், கம்பி உறைக்குள் மாட்டிக்கொண்டு திரும்பாது, ஒரு பக்கத்து டிரம் மட்டும் எரியும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பின்சக்கரத்தின் நடுவிலும் தொடாமல் கையை அருகே கொண்டுபோனால் வித்தியாசம் தெரியும்.

அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் புதுக் கேபிள் போட்டார்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் குறுக்குத் துண்டு மறுபடி சாயும். உரிமையாளர் வந்து லீவரைத் தூக்கிப் பார்த்தார். ஆறில் நின்றது. கிளம்பப் போனவரை மெக்கானிக் கைகாட்டி நிறுத்தினார்.

"புதுக் கேபிளு முதல்ல கொஞ்சம் இறங்குமுங்க. ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, எண்ணிப் பாத்துக் கொஞ்சம் புடிச்சு வுடறேன். நடுவுல வேற யாருகிட்டயும் நட்டைத் தொட வுட்றாதீங்க."